பரிசம் திரும்பும் முறை

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில், கலங்கரை விளக்கத்தினால் பெயர் பெற்ற லைட்ஹவுஸ் குப்பத்திலும், அதனை அடுத்த கூனங்குப்பம், அரங்கம்குப்பம் முதலிய ஊர்களிலும், ஒரு விவாகம் நிச்சயமாவது இரு வீட்டாரின் அந்தரங்கமாக ஒருபோதும் இருப்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் பாயில் அமர்ந்து பார்த்திருக்கத் தட்டுகள் கைமாறுகின்றன. பரிசம் போட்டாயிற்று என்ற செய்தி அன்று மாலையே மீன் ஏலம் நடக்கும் இடம்வரை சென்றுவிடுகிறது. அத்தகைய சம்பந்தம் ஏதோ ஒரு காரணத்தால் முறியுமானால், அதன் பிறகும் அவ்விரு குடும்பத்தாரும் அதே ஏரியில் வலை வீசி, அதே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுத்து, அதே ஊர்ப் பஞ்சாயத்தின் முன் உட்கார வேண்டியவர்களே. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதைப் பாடு முறையால் தீர்மானித்துக்கொள்ளும் ஊர்களில், இரு வீட்டுப் பகை இரு வீட்டோடு நிற்பதில்லை. ஆகையினால் வந்த நகையும் புடவையும் எவ்வாறு திரும்பிப் போகின்றன என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது அவசியமாகிறது.

இவ்விஷயத்தில் தகராறு பெரும்பாலும் நகையைப் பற்றி எழுவதன்று. செலவைப் பற்றி எழுவது. பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன பணத்தை யார் தருவது என்ற கேள்வி தீரும்வரை, வந்த சங்கிலியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வோம் என்று ஒரு தரப்பார் நினைப்பதுதான் வழக்கின் வித்து. இக்கேள்வி நம் தேசத்தில் மிகப் பழமையானது. பெண்ணைத் தருவதாக வாக்களித்துப் பின்வாங்கியவன் தண்டத்துக்குரியவன் என்றும், எதிர்த் தரப்பின் செலவை வட்டியோடு ஈடுசெய்ய வேண்டியவன் என்றும் யாக்ஞவல்கிய ஸ்மிருதி விதிக்கிறது. விவாகத்துக்கு முன்பே பெண் இறந்துவிட்டாலோ, இரு தரப்புச் செலவையும் கணக்கிட்டுத் தீர்த்தபின் வரன் தான் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம் என்கிறது. கொடுத்த பொருளையும் ஆன செலவையும் இரண்டு கணக்குகளாக அந்த நூல் பாவித்திருப்பதே நமக்கு இன்றும் உபயோகமான விஷயம்.

இக்காலத்துச் சட்டமும் ஏறக்குறைய அவ்வழியிலேயே செல்கிறது. நின்றுபோன நிச்சயத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாமையால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தையே நாட வேண்டியிருக்கிறது. செல்லாமற்போன ஒப்பந்தத்தின் பேரில் பெற்ற பயனைத் திருப்பித் தரவேண்டும் என்பது அதன் 65ஆம் பிரிவு. மீறியதனால் நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்பது 73ஆம் பிரிவு. அங்கும் பொருள் வேறு, நஷ்டம் வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து உச்ச நீதிமன்றம், 70,000 டாலர் விலையுள்ள ஒரு நிச்சய மோதிரத்தைப் பற்றிய வழக்கில், யார்மேல் குற்றம் என்று ஆராயவே வேண்டியதில்லை, விவாகம் நடவாவிடில் மோதிரம் கொடுத்தவருக்கே திரும்பவேண்டும் என்று 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. முறித்தவர் கொடுத்தது முறித்தவருக்குத் திரும்பாது என்று பல இடங்களில் சொல்லப்படும் வழக்கத்தைவிட இந்தத் தீர்ப்பே எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது. ஏனெனில் யார் முறித்தார் என்ற விசாரணை தொடங்கினால், அது ஒரு பெண்ணின் அல்லது பிள்ளையின் குணத்தைச் சபையில் அலசுவதில்தான் போய் முடியும்.

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு மூன்று பவுன் சங்கிலியும், அரைப் பவுன் மோதிரமும், பரிசப் புடவையும், பரிசப் பணம் 5,001 ரூபாயும் வைத்தார்கள். பெண் வீட்டார் பிள்ளைக்கு ஒரு பவுன் மோதிரமும் வேட்டி சட்டையும் வைத்தார்கள். பவுனுக்கு எட்டு கிராம் ஆகையால் சங்கிலி 24 கிராம் இருக்கவேண்டும். திருப்பும் நாளுக்கு முன்பாக இரு தரப்பிலிருந்தும் ஒருவர் சேர்ந்து சென்று, இருவருக்கும் பொதுவான ஒரு நகைக்கடையில் எடை பார்த்து, எடைச் சீட்டு வாங்கிக்கொள்வது உத்தமம். சில மில்லிகிராம் வேற்றுமை தேய்மானத்தினாலோ அழுக்கினாலோ வரக்கூடும். அரை கிராம் குறைந்தால் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அண்மையில் வாங்கிய ஹால்மார்க் நகையானால், அதில் பொறித்திருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டை வாங்கிய ரசீதோடு ஒப்பிட்டால், கொடுத்த அதே நகைதான் திரும்புகிறதா என்பது ஐயமறத் தெரிந்துவிடும்.

கடற்கரை ஊர்களில் அடிக்கடி நேரும் சங்கடம் வேறொன்று உண்டு. புயல் காலத்திலோ, பாடு கிடைக்காத நாட்களிலோ வீட்டுச் செலவுக்காக அந்தச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருக்கும். அப்போது வேறொரு நகையை மாற்றி வைப்பதும், எடைக்குப் பணமாகத் தருகிறோம் என்பதும் சந்தேகத்தையே வளர்க்கும். நகை அடகில் இருப்பதை ஒளிக்காமல் சொல்லி, மீட்கும் தேதியை எழுத்தில் கொடுத்து, மற்றவற்றை உடனே அனுப்பிவிடுவதுதான் மரியாதை. உடுத்தாத புடவையை மடிப்புக் கலையாமல் திருப்பலாம். உடுத்தியதைத் திருப்பாமல் விலையைக் கேட்டறிந்து கொடுப்பது நன்று. வெற்றிலை பாக்கு, பழம், இனிப்பு இவற்றைக் கணக்கில் சேர்ப்பது சிறுமை. கைபேசியிலுள்ள நிச்சயதார்த்தப் படங்களை இரு வீட்டாரும் ஒரே நாளில் அழிப்பதாக ஒப்புக்கொள்வதையும் மறக்கலாகாது. மோதிரத்தைவிட அவையே பிற்காலத்தில் அதிக வேதனை தந்திருக்கின்றன.

பொருளோடு செல்லும் கடிதத்தில் காரணம் இடம்பெறக் கூடாது. விதியின் மீது பழி போடுவதும், இதைவிட நல்ல இடம் அமையும் என்று ஆறுதல் சொல்வதும் எதிர்த் தரப்பாரைப் புண்படுத்தும். சம்பந்தி என்ற விளியும் இனிப் பொருந்தாது. மேற்சொன்ன பெண்ணின் தகப்பனார் ஏறக்குறைய இவ்வாறு எழுதலாம்:

‘மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, வணக்கம். நிச்சயத்தின்போது தாங்கள் அன்போடு வைத்த 24 கிராம் சங்கிலி, 4 கிராம் மோதிரம், பரிசப் புடவை, பரிசப் பணம் ரூ. 5,001 ஆகியவற்றை இத்துடன் தங்களிடம் ஒப்படைக்கிறோம். எடைச் சீட்டும் உடன் உள்ளது. தங்கள் வீட்டில் எங்களுக்குக் காட்டிய மரியாதையை நாங்கள் மறக்கமாட்டோம். தங்களுக்கு நேர்ந்த மனவருத்தத்துக்கு நாங்கள் வருந்துகிறோம். செலவுக் கணக்கைப் பெரியவர்கள் முன்னிலையில் தனியே பேசிக்கொள்ளச் சம்மதிக்கிறோம். தம்பிக்கு நல்வாழ்வு அமையப் பிரார்த்திக்கிறோம். பெற்றுக்கொண்டதற்கு இதன் நகலில் கையொப்பமிட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.’

தம்பி என்று பிள்ளையைக் குறிக்கும் அந்த ஒரு சொல், இனி ஊரில் எதிர்ப்படும்போது பேசிக்கொள்வதற்கு இடம் வைக்கிறது. கடிதத்தையும் பொருளையும் நிச்சயத்தன்று தட்டெடுத்த அதே பெரியவர்களில் இருவர் கொண்டுபோவது நல்லது. வந்தது அவர்கள் அறிய வந்தமையால், போவதும் அவர்கள் அறியவே போகவேண்டும். பெண்ணையோ பிள்ளையையோ அச்சபைக்கு அழைக்கத் தேவையில்லை. பிள்ளை வீட்டாரும் அதே வேளையில் தம்மிடமுள்ள மோதிரத்தையும் வேட்டி சட்டையையும் இவ்விதமே எழுதி ஒப்படைத்து, நகலில் கையொப்பம் பெறவேண்டும்.

செலவுக் கணக்கை அன்றைக்கே பேசத் தொடங்காதீர்கள். நகை போய்ச் சேர்ந்து, நகலில் கையெழுத்து வந்து, ஒரு வாரமாவது கழிந்தபின், பந்தல்காரர் சீட்டையும் சமையல்காரர் சீட்டையும் எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் செல்லுங்கள். அதுவரை எதிர்த் தரப்பாரின் ஒரு குன்றிமணிப் பொன்னும் உங்கள் வீட்டில் தங்கவேண்டாம்.