குழாயில் அழுத்தம் எவ்வளவு குறையும்?

குழாயில் ஓடும் நீரின் அழுத்தம், உராய்வால் போகப் போகக் குறைகிறது. உள்சுவர் வழவழப்பாக உள்ள நேரான வட்டக் குழாயில், ஒரு மீட்டருக்கு எவ்வளவு அழுத்தம் குறையும் என்பதை (இதை G என்போம்) நான்கு அளவுகள் முடிவு செய்கின்றன: உள்விட்டம் D, சராசரி வேகம் V, திரவத்தின் அடர்த்தி ρ, பாகுநிலை μ. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்புகள் வைத்து எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்தால் பத்தாயிரம் சோதனைகள் ஆகும். பரிமாணப் பகுப்பாய்வு இந்தச் சுமையை ஒரே வளைகோட்டுக்குள் அடக்கிவிடுகிறது.

எட்கர் பக்கிங்ஹாம் 1914இல் எழுதிய கட்டுரையால் பரவலான தேற்றம் இதற்கு அடிப்படை. இங்கே மாறிகள் ஐந்து. நிறை M, நீளம் L, காலம் T என அடிப்படைப் பரிமாணங்கள் மூன்று. ஆகவே பரிமாணமற்ற தொகுதிகள் இரண்டு.

அவற்றைக் கண்டுபிடிக்க, எல்லாத் தொகுதியிலும் திரும்ப வரப்போகும் மூன்று மாறிகளை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து M, L, T மூன்றையும் தர வேண்டும். தமக்குள்ளேயே பரிமாணமற்ற தொகுதியாக இணையக் கூடாது. நாம் தேடும் G இவற்றில் இருந்தால் அது எல்லாத் தொகுதியிலும் புகுந்து விடையைச் சிக்கலாக்கும். அதனால் அதை விலக்குவது நல்லது. D, V, ρ பொருத்தமானவை.

G-யின் பரிமாணம் M L⁻² T⁻². அதை Dᵃ Vᵇ ρᶜ ஆல் பெருக்கி, பரிமாணங்கள் நீங்கும்படி அடுக்குகளைக் காண வேண்டும். நிறை ρ-வில் மட்டுமே உள்ளதால் c = −1. காலம் V-யில் மட்டுமே உள்ளதால் b = −2. நீளத்துக்கான சமன்பாடு −2 + a + b − 3c = 0; இதிலிருந்து a = 1. முதல் தொகுதி GD/ρV². இதே வழியில் μ-வை எடுத்தால் μ/ρVD கிடைக்கும். அதைத் தலைகீழாக்கினால் வருவது ரெனால்ட்ஸ் எண், ρVD/μ. கிடைத்த தொகுதியை அடிப்படை அலகுகளில் எழுதி, எல்லாம் நீங்குகிறதா என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

முதல் தொகுதி ரெனால்ட்ஸ் எண்ணை மட்டுமே சார்ந்தது என்பதுதான் இதன் பொருள். 25 மி.மீ. குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீருக்கு ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 25,000. மீட்டருக்குச் சுமார் 500 பாஸ்கல் குறையும். 50 மி.மீ. குழாயில் அரை மீட்டர் வேகத்திலும் ரெனால்ட்ஸ் எண் அதுவே. ஆகவே GD/ρV² மாறாது. G எட்டில் ஒரு பங்காகி, சுமார் 63 பாஸ்கல் ஆகும். இரண்டாம் குழாயைச் சோதிக்கவே தேவையில்லை.

வளைகோட்டின் வடிவத்தை இந்த முறை தராது. அதற்குச் சோதனையோ தனிக் கோட்பாடோ வேண்டும். தொடக்கப் பட்டியலில் ஒரு மாறி விடுபட்டால் கணக்கு எச்சரிக்காது; சோதனைப் புள்ளிகள்தான் காட்டிக்கொடுக்கும். உள்சுவர் சொரசொரப்பான குழாய்களின் அளவீடுகள், வேகம் கூடக் கூட ஒரே கோட்டில் நிற்காமல் பிரிந்து சிதறும். சொரசொரப்பின் உயரம் ε-ஐச் சேர்த்தால் ε/D என்ற மூன்றாம் தொகுதி பிறக்கும். அதன் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு கோடு என்று புள்ளிகள் ஒழுங்காக அமைந்துவிடும்.