பிழைதிருத்தமும் மறுவரைவும்

‘ஒவ்வொரு மாணவர்களும் கட்டுரைகளை அளிக்க வேண்டும்’ என்னும் அறிவிப்பில் இலக்கண வழு ஒன்றே. ‘ஒவ்வொரு’ என்பது ஒருமைப் பெயரையே வேண்டி நிற்கும். ஆகவே ‘ஒவ்வொரு மாணவரும்’ எனத் திருத்துதல் போதும். ‘கட்டுரைகளை’ என்பதையும் ஒருமையாக்குதல் இலக்கணத் திருத்தமன்று. ஒருவர் எத்தனை கட்டுரை அளிப்பது என்பதை எழுதியவரே கூறவேண்டும். நடையை மென்மையாக்கக் கருதி ‘மாணவர் அனைவரும் கட்டுரைகளை அளிக்குமாறு வேண்டப்படுகின்றனர்’ என மாற்றினாலோ, வழு நீங்குவதோடு கட்டாயமும் வேண்டுகோளாகிவிடுகிறது. அதனை எழுதியவர் விரும்பாதிருக்கலாம். எனவே நெடிய படியாயின், செம்மையாக்குநர் முதற் பத்தியை மட்டும் இருவகையாகவும் எழுதிக் காட்டிக் கேட்டறிதல் நன்று. ‘சற்றுப் பார்த்துத் தாருங்கள்’ என்று மட்டும் சொன்னவர் எதனைக் கருதினார் என்பது அப்போதுதான் தெளிவாகும்.