கொம்பு முன்னே, ஓசை பின்னே

பேருந்தின் பெயர்ப்பலகையில் 'கோயம்பேடு' என்று இருக்கிறது. பேச்சுத்தமிழ் நன்றாகத் தெரிந்து, வாசிக்க மட்டும் இப்போது கற்றுக்கொள்ளும் பெரியவர் பெரும்பாலும் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். கண்ணில் முதலில் படுவது ே. அதற்கு அடுத்துத்தான் க வருகிறது. பிறகு ா. இடமிருந்து வலமாக அப்படியே கூட்டினால் 'கே', 'ஆ' என்று வாய் தடுமாறும்.

அடிப்படை எளிது. புள்ளி வைத்த க் மெய்யெழுத்து. அதோடு அ சேர்ந்தால் புள்ளி போய் க ஆகிவிடும். அதாவது, புள்ளியும் குறியும் இல்லாத மெய்க்குள் அ இருக்கிறது. வேறு உயிர் சேர்ந்தால் அதற்கென ஒரு குறி வரும்: கா, கி, கீ. மெய் 18, உயிர் 12. பெருக்கினால் உயிர்மெய் 216. அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உ, ஊ வரிசைகளில் மட்டும் குறி எழுத்தோடு ஒட்டி உருவம் மாறும்: கு, பு, து மூன்றும் மூன்று விதம். அவற்றை எழுதிப் பழகத்தான் வேண்டும்.

சிக்கல் கொம்பில்தான் இருக்கிறது. எ, ஏ, ஐ மூன்றின் குறிகளும் மெய்க்கு முன்னால் நிற்கும். ஓசையோ மெய்க்குப் பின்னால்தான் வரும். ஒற்றைக்கொம்பு என்றால் கெ, இரட்டைக்கொம்பு என்றால் கே, இணைக்கொம்பு என்றால் கை. எ குறில், ஏ நெடில் என்று கொம்பின் சுழியை வைத்துப் பிரிக்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்பர்.

ஆகவே கொம்பைக் கண்டதும் வாய் திறக்காதீர்கள். அடுத்த மெய்யைப் பாருங்கள். அதற்கும் அடுத்து கால் இருக்கிறதா என்று பாருங்கள். கால் இல்லையென்றால் எ, ஏ. இருந்தால் ஒ, ஓ. கோயம்பேடுவில் இரட்டைக்கொம்பு, க, கால்: கோ. அடுத்து குறியில்லாத ய. புள்ளியுள்ள ம். மறுபடி இரட்டைக்கொம்பு, ப. இம்முறை கால் இல்லை, ஆகவே பே. கடைசியில் டு. இப்போது சேர்த்துச் சொன்னால் பழகிய ஊர்ப்பெயர் காதில் விழுந்துவிடும்.

காலும் ர என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெரும்பாலான அச்சுகளில் ர-வின் அடியில் ஒரு சாய்கோடு உண்டு. ஆனால் ர், ரி என்று வரும்போது சில அச்சுகளில் அந்தக் கோட்டை விட்டுவிடுவார்கள். அப்போது தலையைப் பாருங்கள். காலின் மேல் புள்ளியோ கொக்கியோ ஒருபோதும் ஏறாது. ஏறியிருந்தால் அது ர.

இதே குழப்பம் ஔ குறியிலும் உண்டு. 'வௌவால்' என்பதில் கொம்புக்கும் வ-வுக்கும் பின்னால் நிற்பது ள போலவே இருக்கும். ஆனால் அது எழுத்தல்ல, குறியின் பாதி. 'வெள்ளம்' என்பதில் முதல் ள-வுக்குப் புள்ளி இருக்கிறது; 'வெளி'யில் கொக்கி இருக்கிறது. இவை உண்மையான ள. இரண்டும் இல்லாமல் வெறுமனே நின்றால் இரு விதமாகவும் வாசித்துப் பாருங்கள். 'வெளவால்' என்று ஒரு சொல் நம் பேச்சில் இல்லை என்பதைக் காதே சொல்லிவிடும்.