குழந்தையைச் சூழ்ந்த வட்டங்கள்

பொன்னமராவதியை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, நாள்தோறும் பள்ளிக்குத் தாமதமாக வருகிறாள் எனக் கொள்வோம். அதற்குக் காரணம் அவளது சோம்பல் என்று முடிவு செய்வது எளிது. ஆனால், அமெரிக்க உளவியலறிஞர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் வேறொரு வழியைக் காட்டினார். குழந்தையின் வளர்ச்சி, ஒன்றையொன்று சூழ்ந்த பல வட்டங்களுக்குள் நிகழ்கிறது என்று 1979இல் வெளியான தம் நூலில் அவர் விளக்கினார்.

குழந்தை நேரடியாகப் பழகும் வீடு, வகுப்பறை, நண்பர் குழு ஆகியவை நுண்ணமைப்பு எனப்படும். வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையிலான உறவு இடையமைப்பாகும். குழந்தை நேரில் பங்கேற்காவிடினும் அதன் வாழ்வைப் பாதிப்பது புற அமைப்பு. தாயின் வேலை நேரமும் பேருந்து வசதியும் இதில் அடங்கும். இவை அனைத்திற்கும் அடித்தளமாக அமையும் பண்பாட்டு நம்பிக்கைகளும் சட்டங்களும் பேரமைப்பாகும். காலப்போக்கில் இவ்வமைப்புகள் மாறுவதைக் கால அமைப்பு என்பர்.

இவ்வட்டங்கள் ஒன்றையொன்று அசைப்பதைப் புதுக்கோட்டை மாவட்ட வரலாற்றிலேயே காணலாம். 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் இங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்கள் கற்றனர். வயல்களிலும் கல் குவாரிகளிலும் உழைத்த பெண்களும் அவர்களுள் இருந்தனர். பெண் மிதிவண்டி ஓட்டலாகாது என்ற எண்ணம் தளர்ந்தது. இது பேரமைப்பில் நேர்ந்த மாற்றம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் குறைந்தது. இது புற அமைப்பின் மாற்றம். எழுத்தறிந்து, தானே மிதிவண்டியில் செல்லும் தாய், பள்ளிக்குச் சென்று ஆசிரியரைச் சந்திக்கவும் அறிவிப்பைப் படிக்கவும் இயலும். இவ்வாறு இடையமைப்பு வலுப்பெறுகிறது. எனினும், பல வட்டங்கள் ஒரே காலத்தில் அசைந்தமையால், விளைவுகள் அனைத்திற்கும் மிதிவண்டி ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

இக்கோட்பாடு பள்ளியின் கேள்வியை மாற்றுகிறது. தாமதமாக வரும் மாணவியிடம், ‘ஏன் தாமதம்?’ என்று கேட்பதோடு, காலையில் வீட்டில் யார் இருக்கிறார்கள், தம்பி தங்கையரை யார் கவனிக்கிறார்கள், பேருந்து எப்போது வருகிறது என்றும் ஆசிரியர் அறிதல் வேண்டும். தாய் விடியலிலேயே வேலைக்குச் செல்பவரெனில், பிற்பகலில் கூட்டப்படும் பெற்றோர் கூட்டம் அவருக்குப் பயன்படாது. மாலையில் கூட்டினால் பயன்படும். பேருந்தே தடையெனில், பள்ளி மேலாண்மைக் குழு வாயிலாக நேர மாற்றம் கோரலாம்.

எல்லா வட்டங்களையும் பள்ளியால் மாற்றிவிட இயலாது. மேலும், குழந்தை சூழல் வனையும் களிமண்ணும் அன்று. அதன் இயல்பும் சூழலை மாற்றும் என்பதைப் பிரான்ஃபென்பிரென்னரே பிற்காலத்தில் வலியுறுத்தினார். ஆதலால் ஒரே தெருவில் வளரும் இருவருக்கும் ஒரே தீர்வு பொருந்தும் எனக் கருதலாகாது.