வாசிப்புப் பட்டியல் என்னும் வாதம்: மதமும் சமூகமும்

திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து அமெரிக்காவுக்கு ஆய்வு செய்யப் போன நண்பர் ஒருவர் தனது வாசிப்புப் பட்டியலை அனுப்பியிருந்தார். அங்கே முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தொடங்கும் முன் ஒரு விரிவான தேர்வு உண்டு. துறையின் நூல்களை மாணவரே பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் ஏன் என்று ஒரு பத்தி எழுதி, ஆசிரியர்கள் முன் நிலைநாட்ட வேண்டும்.

அவருடைய பகுதிகள்: இந்து மதம், இஸ்லாம், கிறித்தவம், நவீனத்துவம். 'இது நூலக அலமாரிங்க, பட்டியல் இல்ல' என்று எழுதினேன். ஊரில் கத்தோலிக்கத் தெரு ஒன்றாக இருந்தாலும் கல்லறை இரண்டாக இருப்பதை இந்த நான்கில் எங்கே வைப்பது? மதங்களின் பெயரால் பிரித்தால் மதங்களுக்கு ஊடாக ஓடும் சாதி எந்தப் பகுதியிலும் நிற்காது. ஒரு வழக்கை நடுவில் வைத்து மாற்றிப் பார்த்தோம்.

சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்தவர் சூசை, ஆதிதிராவிடர், கிறித்தவர். பட்டியல் சாதியினரான செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவச பங்க் கடை கொடுத்தது. கிறித்தவர் என்பதால் அவருக்கு இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். 1985இல் உச்ச நீதிமன்றம் சூசையின் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் போதாது. அதன் கொடுமை கிறித்தவச் சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு இருக்கிறது என்று நிறுவ வேண்டும் என்றது. அதாவது, நீதிமன்றம் கேட்டது ஒரு சமூகவியல் கேள்வி.

முதல் பகுதி: 'மதம்' என்னும் வகைமை. துர்கைம் (1912), தலால் அசாத் (1993). துர்கைம் மதத்தைச் சமூகம் தன்னையே வணங்கும் வடிவமாகக் கண்டார். மதம் என்று தனியே ஒன்றைப் பிரித்தெடுப்பதே ஐரோப்பிய வரலாற்றின் விளைபொருள் என்றார் அசாத். இருவரையும் எதிரெதிரே வைத்தால்தான், மதத்தையும் சாதியையும் பிரித்தது யார் என்று கேட்க முடியும்.

இரண்டாம் பகுதி: சாதியின் இருப்பிடம். மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளரிடம் களப்பணி செய்த லூயி துய்மோன் (1957, 1966), அம்பேத்கரின் சாதி ஒழிப்பு (1936), தொ. பரமசிவனின் அழகர் கோயில் ஆய்வு (1989). துய்மோனுக்குச் சாதியின் உயிர் இந்துத் தூய்மைக் கருத்தில் இருக்கிறது. அம்பேத்கருக்கோ சாத்திரத்தின் புனிதத்தில். ஆனால் விளக்குவதற்காக அல்ல, உடைப்பதற்காக. தொ.ப. கோயிலை மரியாதைக்கும் உரிமைக்குமான களமாகக் காட்டுகிறார். இங்கே கவனம் வேண்டும்: துய்மோனை மட்டும் படித்தவர், கிறித்தவச் சாதியை வெறும் எச்சம் என்று எழுதி, தெரியாமலே 1950 ஆணையின் பக்கம் போய் நின்றுவிடுவார்.

மூன்றாம் பகுதி: மதமாற்றம். சூசன் பெய்லி (1989), டேவிட் மாஸ் (2012), ரூபா விஸ்வநாத் (2014). 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி, பூணூலையும் குடுமியையும் மத அடையாளமல்ல, சமூக வழக்கம் என்று வாதிட்டார். அந்தப் பிரிப்பின் நிழலில்தான் திருச்சபைக்குள் சாதி தங்கியது. ராமநாதபுரம் கிராமம் ஒன்றை 1980களிலிருந்து கவனித்த மாஸ் அந்த நீண்ட கதையைச் சொல்கிறார். முரணைப் பாருங்கள்: சாதி மதமல்ல என்றது மிஷன், சாதி இந்து மதத்தோடு சேர்ந்தது என்றது ஆணை. இரண்டுக்கும் நடுவில் சூசை.

நான்காம் பகுதி: அரசு. திருவல்லிக்கேணிக் கோயில் வழக்குகள் பற்றிய அர்ஜுன் அப்பாதுரை (1981), கூடவே 1950 ஆணை, சூசை தீர்ப்பு. சட்ட ஆவணமும் நூல்தான். நீதிமன்றம் மதத்துக்கு வெளியே நின்று தீர்ப்பதில்லை, எது மதம் என்பதையும் சேர்த்தே உருவாக்குகிறது என்பது இந்தப் பகுதியின் நியாயம்.

பகுதி சரியா என்று சோதிக்க ஒரே வழிதான். ஒரு நூலை அடித்துவிட்டு அந்த நியாயப் பத்தியைத் திரும்பப் படிக்க வேண்டும். பத்தி அசையாமல் நின்றால் நூல் அலங்காரம். நண்பர் இப்படிப் பாதிக்கு மேல் அடித்தார். 'வெபர் போயிட்டாரே, கேட்டா என்ன சொல்ல?' என்றார். 'ஏன் இல்லைன்னு சொல்றதுக்குந்தான் தேர்வு' என்றேன்.

ஒரு குறை தீரவில்லை. கல்லறைச் சுவரைப் பற்றி அவர் பாட்டி சொன்னது எந்தப் பகுதியிலும் ஏறவில்லை. நீதிமன்றம் கேட்ட சாட்சியம் அதுதான். அதற்கு ஆய்வேடு எழுத வேண்டியிருக்கிறது.