சாய்வாக வெட்டிய குழாயின் உச்சி

செங்குத்தாக நிற்கும் ஒரு குழாய். ஆரம் 5 செ.மீ. அதை ரம்பத்தால் சாய்வாக அறுத்தால் மேல் விளிம்பு நீள்வட்டமாகிவிடும். அந்த விளிம்பில் மிக உயரமான புள்ளி எது, மிகத் தாழ்ந்த புள்ளி எது? இதற்குக் கணிதம் தேவையில்லை, பார்த்த மாத்திரத்தில் விரல் வைத்துவிடலாம். அதனால்தான் இதை எடுத்துக்கொள்கிறேன். விடை கண்ணுக்குத் தெரியும் கணக்கில் ஒரு முறையைப் பழகிக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதை நம்பலாம்.

குழாயின் சுவர் ஒரு பரப்பு. ரம்பம் போன பாதை இன்னொரு பரப்பு, அதாவது ஒரு தளம். விளிம்பு இரண்டுக்கும் பொதுவானது. சமன்பாடாக எழுதினால்:

x² + y² = 25
3x + 4y + 5z = 50

இவை இரண்டும் ஒருசேரப் பொருந்தும் புள்ளிகளில் மட்டும் உலவிக்கொண்டு, உயரமான z எங்கே பெருமம், எங்கே சிறுமம் என்று தேட வேண்டும். எண்களை ஒரு வசதிக்காகத் தேர்ந்திருக்கிறேன்: இந்தத் தளம் குழாயைச் சரியாக 45 டிகிரியில் வெட்டுகிறது.

விளிம்பின் மேல் ஓர் எறும்பை ஊரவிடுவோம். உச்சிப் புள்ளியைக் கடக்கும் கணத்தில் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதாவது அந்தக் கணத்தில் அது போகும் திசையும், உயரம் மிக வேகமாகக் கூடும் திசையும் ஒன்றுக்கொன்று செங்குத்து. இங்கே அந்த இரண்டாவது திசை நேர் மேலே, (0, 0, 1). உயரத்துக்குப் பதில் வெப்பநிலையையோ தூரத்தையோ வைத்தாலும் இதே பேச்சுதான். அந்த அளவு எந்தத் திசையில் மிக வேகமாகக் கூடுகிறதோ அந்தத் திசை எறும்பின் பாதைக்குச் செங்குத்தாக வந்து நிற்க வேண்டும்.

எறும்பின் பாதைக்குச் செங்குத்தான திசைகள் நமக்கு ஏற்கெனவே இரண்டு தெரியும். எறும்பு குழாயின் சுவரை விட்டு விலகுவதில்லை. ஆகவே சுவரின் செங்கோடு (2x, 2y, 0) அதன் பாதைக்குச் செங்குத்து. வெட்டுத் தளத்தையும் அது விட்டு விலகுவதில்லை. ஆகவே தளத்தின் செங்கோடு (3, 4, 5) அதுவும் செங்குத்து. வெளியில் ஒரு கோட்டுக்குச் செங்குத்தான திசைகள் எல்லாம் சேர்ந்து ஒரு முழுத் தளமாகும். அந்தத் தளத்தில் எந்தத் திசையையும், அதில் உள்ள வெவ்வேறான இரண்டு திசைகளை வேண்டிய அளவில் கலந்து பெற்றுவிடலாம். ஒரே பரப்பின் மேல் தேடும்போது ஒரு செங்கோடு போதும், ஒரு பெருக்கி போதும். வளைவரையின் மேல் தேடும்போது இரண்டு செங்கோடுகள், எனவே இரண்டு பெருக்கிகள். வழக்கமாக அவற்றை λ, μ என்று எழுதுவார்கள்.

பெருக்கிகளை ஜோசப் லூயி லாக்ராஞ்சின் பெயரால் அழைக்கிறோம். 1788-இல் வெளியான இயந்திரவியல் நூலில் அவர் அவற்றைக் கையாண்டார். அந்த நூலில் ஒரு படம்கூட இல்லை என்பதை முன்னுரையிலேயே பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் அவர். எறும்பையும் குழாயையும் அவர் ரசித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இப்போது கணக்கு. (0, 0, 1) என்பது முதல் செங்கோட்டின் λ மடங்கும் இரண்டாவதின் μ மடங்கும் சேர்ந்தது என்று எழுதினால் மூன்று சமன்பாடுகள் வரும்:

0 = 2λx + 3μ
0 = 2λy + 4μ
1 = 5μ

பரப்புகளின் சமன்பாடுகள் இரண்டையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து. தெரியாதவையும் ஐந்து: x, y, z, λ, μ. மூன்றாவது வரியிலிருந்து μ = 1/5. முதல் இரண்டு வரிகளும் x-உம் y-உம் 3-க்கு 4 என்ற விகிதத்தில் இருக்கின்றன என்று சொல்கின்றன. ஆரம் 5 என்பதால் (3, 4) அல்லது (-3, -4), வேறு வழியில்லை. தளத்தின் சமன்பாட்டில் போட்டால் முதலாவதற்கு z = 5, இரண்டாவதற்கு z = 15. விளிம்பு ஒரு மூடிய வளையம் என்பதால் பெருமமும் சிறுமமும் இருந்தே தீர வேண்டும். வந்த இரண்டு மதிப்புகளில் பெரியது பெருமம், சிறியது சிறுமம். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயை 45 டிகிரியில் வெட்டினால் உயர வித்தியாசமும் 10 செ.மீ. வர வேண்டும். வந்திருக்கிறது.

λ, μ இரண்டையும் கணக்கு முடிந்ததும் தூக்கி எறிந்துவிடுவது மாணவர்களின் வழக்கம். அது நஷ்டம். உச்சியில் λ = 1/10. அதன் பொருள்: சமன்பாட்டின் வலப்பக்கத்தில் உள்ள 25-ஐ 26 ஆக்கினால் உச்சி ஏறத்தாழ 0.1 செ.மீ. உயரும். உண்மையான புதிய உச்சி 10 + √26, அதாவது 15.099. அடிப்புள்ளியில் λ = -1/10; குழாய் பருத்தால் அங்கே விளிம்பு இறங்கும். அதேபோல் தளத்தின் 50-ஐ 51 ஆக்கினால் உச்சி μ அளவுக்கு, 0.2 செ.மீ. ஏறும். ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் சற்றே தளர்த்தினால் விடை எவ்வளவு நகரும் என்பதை அதனதன் பெருக்கியே சொல்லிவிடுகிறது. கணக்கை மறுபடி போட வேண்டியதில்லை.

இனி கண்ணை நம்ப முடியாத கேள்வி. வெட்டிய குழாயை அப்படியே 45 டிகிரி சாய்த்து வைக்கிறோம். இப்போது x + z எங்கே அதிகமோ அதுதான் உயரமான இடம் என்று கொள்வோம். பழைய உச்சியே உச்சியாக நீடிக்குமா? இடப்பக்கம் (1, 0, 1) என்று மாறுவதைத் தவிர வேலை அதேதான். μ மீண்டும் 1/5. முதல் வரி 2λx = 2/5, இரண்டாவது 2λy = -4/5. ஆகவே y = -2x, x = ±√5. உயரமான இடம் ஏறத்தாழ (2.24, -4.47, 12.24). பழைய உச்சியில் x + z = 12; இங்கே 14.47. உச்சி விளிம்பில் வெகுதூரம் நகர்ந்துவிட்டது.

இந்த முறை கைவிடும் இடமும் உண்டு. இரண்டு செங்கோடுகளும் வெவ்வேறு திசையில் இருந்தால்தான் அவற்றைக் கலந்து ஒரு தளத்தை நிரப்ப முடியும். இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் புள்ளியில் செங்கோடுகள் ஒரே கோட்டில் விழுந்துவிடும். z = y² என்ற நீளமான வாய்க்காலையும் z = x³ என்ற வளைந்த தகட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வழவழப்பான பரப்புகள்தான். அவை சேரும் வளைவரையில் y² = x³. ஒரு எண்ணின் வர்க்கம் குறை எண்ணாகாது, ஆகவே x பூஜ்யத்துக்குக் கீழே போகாது. X-இன் சிறுமம் ஆதிப்புள்ளியில், சந்தேகமே இல்லை. பெருக்கிகளைப் போட்டுப் பார்த்தால்:

1 = -3λx²
0 = -2μy
0 = λ + μ

இரண்டாவது வரிப்படி μ அல்லது y பூஜ்யம். μ பூஜ்யம் என்றால் மூன்றாவது வரிப்படி λ-உம் பூஜ்யம். Y பூஜ்யம் என்றால் x-உம் பூஜ்யம். எப்படிப் போனாலும் முதல் வரி 1 = 0 என்கிறது. தீர்வே இல்லை, ஆனால் சிறுமம் இருக்கிறது! காரணம், ஆதிப்புள்ளியில் இரண்டு செங்கோடுகளும் (0, 0, 1) என்ற ஒரே திசையைக் காட்டுகின்றன. வளைவரையும் அங்கே கூர்முனையாகத் திரும்புகிறது.

ஆகவே பெருக்கிகளைத் தீர்ப்பதற்கு முன் இரண்டு செங்கோடுகளின் குறுக்குப் பெருக்கலைப் போட்டு, வளைவரையில் அது எங்கெங்கே பூஜ்யமாகிறது என்று பார்த்துவிட வேண்டும். குழாயில் அது எங்குமே பூஜ்யமாகவில்லை. அப்படி ஏதாவது புள்ளி சிக்கினால், பெருக்கிகள் தந்த புள்ளிகளோடு அதையும் சேர்த்து வைத்து மதிப்புகளை ஒப்பிட வேண்டும். வளைவரை மூடியதா, முடிவின்றி ஓடுகிறதா என்பதையும் தனியே பார்த்துவிட வேண்டும். மேலே சொன்ன வாய்க்கால் வளைவரை முடிவின்றி ஓடுகிறது. அதில் x-க்குப் பெருமம் கிடையாது.