100 எம்பிபிஎஸ் இருந்தும் அக்கா காதில் விழவில்லை

“நீ பேசுறது ஒண்ணும் விளங்கலடா. மூஞ்சி வேற அப்படியே நின்னுபோச்சு” என்று சிங்கப்பூரிலிருந்து அக்கா கத்தினாள். எனக்கோ அவள் முகம் மட்டுமல்ல, பின்சுவரில் தொங்கிய காலண்டரின் தேதிகூடப் பளிச்சென்று தெரிந்தது. நான்கு நாளாக இதே கதை. பகலில் ஒரு தொல்லையும் கிடையாது. இரவு எட்டரைக்கு மேல் கூப்பிட்டால்தான் என் குரல் அறுந்து அறுந்து போகும்.

கேபிள் டிவி கம்பி வழியாக வரும் இணைப்பு அது. இணைப்புத் தந்தவரை அழைத்தேன். மறுநாள் காலையில் வந்து, ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினார். “நூறு எம்பிபிஎஸ் பிளான்ல 96 வருது சார். இதுக்கு மேல என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த 96-க்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருந்தது: 5. அதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

முதல் எண் டவுன்லோடு, அதாவது வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் வேகம். இரண்டாவது அப்லோடு, வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம். விளம்பரத் தட்டிகளில் பெரிதாகப் போடுவது முதல் எண்ணைத்தான். சினிமா பார்க்க அது போதும். வீடியோ காலில் அக்காவின் முகம் என்னிடம் வருவது டவுன்லோடு. என் முகம் அவளிடம் போவது அப்லோடு. எதிராளி நமக்குத் தெளிவாகத் தெரிந்து, நாம் அவருக்கு உறைந்து தெரிந்தால், முதலில் நம் வீட்டு அப்லோடைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஸ்பீட் டெஸ்ட் இல்லாமலே இந்த அளவுக்குக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் 5 எம்பிபிஎஸ் ஒரு காலுக்குப் போதாதா? தாராளமாகப் போதும். தெளிவான வீடியோ காலுக்கு ஒன்று, ஒன்றரை எம்பிபிஎஸ் இருந்தால் சரி; வெறும் குரலுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அப்படியானால் மீதியை யார் தின்றார்கள்?

என் மனைவியின் போன். அதற்கு முந்தைய வாரம் மைத்துனனுக்குக் கல்யாணம். முகூர்த்தத்திலிருந்து பந்திவரை அவள் எடுத்துத் தள்ளிய வீடியோக்கள் 60 ஜிபி. போன் வைஃபையில் இருந்து, சார்ஜும் ஏறினால் மட்டுமே கிளவுட் பேக்கப் நடக்கும்படி அமைத்திருந்தாள். வேலையிலிருந்து வந்து, சாப்பிட்டு முடித்து அவள் போனைச் சார்ஜில் போடும் நேரம் எட்டரை.

60 ஜிபியை இந்தக் கம்பியில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கோப்பின் அளவு பைட் கணக்கு, இணைப்பின் வேகம் பிட் கணக்கு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே 60 ஜிபி என்பது 4,80,000 மெகாபிட். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் போனால் 96,000 நொடி, கிட்டத்தட்ட 27 மணி நேரம். அதே வீடியோக்களை 100 எம்பிபிஎஸ்ஸில் இறக்கிக்கொள்வதாக இருந்தால் 80 நிமிடம்தான். போன் இரவில் நான்கைந்து மணி நேரமே சார்ஜில் இருந்ததால், அந்த 27 மணி நேரம் ஒரு வாரத்து இரவுகளாக நீண்டுவிட்டது.

பேக்கப் மெதுவாக நடப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது பக்கத்திலிருக்கும் காலைக் கொல்லும் விதம்தான் கவனிக்கத்தக்கது. மோடத்துக்குள் வெளியே போகும் பாக்கெட்டுகள் காத்திருக்க ஒரு வரிசை உண்டு. கோப்புகளை அனுப்பும் வழக்கமான முறை, ஏதாவது ஒரு பாக்கெட் தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அதாவது, அந்த வரிசை நிரம்பி வழிந்த பிறகே அடங்கும். அண்ணாச்சி கடையில் மாதச் சாமான் பட்டியலோடு ஒருவர் நிற்க, அவருக்குப் பின்னால் தீப்பெட்டி வாங்க வந்த பையன் நிற்பதுபோல, 60 ஜிபிக்குப் பின்னால் என் குரல் நிற்கிறது.

5 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 625 கேபி. வரிசையில் 600 கேபி தேங்கியிருந்தால், என் குரல் வீட்டைவிட்டு வெளியேறவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். பேச்சு இயல்பாக இருக்க, ஒரு பக்கத்துத் தாமதம் நொடியில் ஏழில் ஒரு பங்குக்குள், அதாவது 150 மில்லிசெகண்டுக்குள், இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். சினிமா என்றால் அடுத்த சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு சமாளிக்கும். இன்னும் பேசாத வார்த்தையை யார் முன்கூட்டி இறக்குவது? தாமதமாக வந்த குரல் பாக்கெட்டை மறுமுனை தூக்கி எறிந்துவிடும். அக்கா கேட்ட ஓட்டை அதுதான்.

இதை நீங்களே சோதிக்கலாம். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
ping -t 8.8.8.8
```

ஒவ்வொரு வரியின் நடுவிலும் `time=` என்று ஓர் எண் வரும். எங்கள் வீட்டில் சும்மா இருக்கும்போது 20 மில்லிசெகண்ட் சுற்றி நின்றது. அதை ஓடவிட்டுக்கொண்டே மனைவியின் போனைச் சார்ஜில் செருகினேன். ஒரு நிமிடத்துக்குள் 900-ஐத் தாண்டியது. பிடுங்கியதும் இறங்கிவிட்டது. வைஃபை சிக்னல் குறைவு என்றால் எண் தாறுமாறாகக் குதிக்கும். இப்படி ஏறி, ஏறிய இடத்திலேயே நிற்பது வரிசை நிரம்பியதன் அடையாளம். நிறுத்த கண்ட்ரோலும் சி-யும்.

அப்லோடு 50 எம்பிபிஎஸ்ஸாக இருந்திருந்தால்? பேக்கப் அதையும் நிரப்பப் பார்க்கும். ஆனால் அதே 600 கேபி பத்தில் ஒரு நொடியில் கரைந்துவிடும். 60 ஜிபியும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டவுன்லோடை நூறிலிருந்து முந்நூறாக உயர்த்தும் பிளானுக்கு மாறி, அப்லோடு ஐந்திலேயே நின்றால், பணம்தான் கூடுதலாகப் போகும்.

இந்த ஏற்றத்தாழ்வு கேபிள் கம்பியோடு பிறந்தது. வீட்டுக்குச் சேனல்களைக் கொண்டுவரப் போட்ட கம்பி அது. பழைய அமைப்புகளில் திரும்பிப் போகும் பாதைக்கு 5 முதல் 42 அல்லது 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அடிப்பகுதி மட்டும். அதற்கு மேலுள்ள பெரும்பரப்பு முழுக்க வரும் பாதைக்கு. ஃபைபரில் இப்படிக் குறுக வேண்டிய கட்டாயம் இல்லை, இரு பக்கமும் ஒரே வேகம் தரும் பிளான்கள் உண்டு. அரசுகளின் அளவுகோலும் மெல்லத்தான் மாறுகிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2015-இல் அப்லோடுக்கு 3 எம்பிபிஎஸ் போதும் என்றது; 2024 மார்ச்சில் அதை 20 ஆக்கியது. இந்தியாவில் பிராட்பேண்டுக்கான இப்போதைய குறைந்தபட்ச வரையறையான 2 எம்பிபிஎஸ், டவுன்லோடை மட்டுமே சொல்கிறது.

பிளானை மாற்றும்வரை செய்ய வேண்டியது சின்ன வேலை. கணினியில் ஓடும் பேக்கப் செயலிகள் பலவற்றில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். அங்கே கேட்பது பெரும்பாலும் கேபி கணக்கு என்பதை மறக்கக் கூடாது: 5 எம்பிபிஎஸ் இணைப்பில் 300 என்று போட்டால் பாதி வேகம். போன் செயலிகளில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. சில ரவுட்டர்களில் `SQM` என்றொரு அமைப்பு இருக்கும். அதில் அப்லோடை உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து, 4.5 எம்பிபிஎஸ் என்று கொடுத்தால், வரிசை மோடத்தில் தேங்காது. தீப்பெட்டிக்காரப் பையனை ரவுட்டரே முன்னால் அனுப்பிவிடும். இணைப்போடு இலவசமாகத் தரும் ரவுட்டர்களில் இதை எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் வீட்டிலும் இல்லை.

அதனால் இப்போது மனைவியின் போன் சார்ஜ் ஏறுவது, அக்கா தூங்கப் போன பிறகு.